மூக்கடைப்பு, குறட்டை, பகல் தூக்கம்: மூன்றையும் எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

என் கணவருக்கு வயது 46. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். துணியை அடுக்கி வெட்டும் அந்தக் கூடத்தில் நாள் முழுக்கப் பஞ்சுத்தூசு பறந்துகொண்டிருக்கும். காலையில் அடுக்காகத் தும்முவதும், மூக்கின் ஒரு பக்கம் மாறி மற்றொரு பக்கம் அடைத்துக்கொள்வதும், சட்டைப் பையில் எப்போதும் ஒரு மூக்குச் சொட்டுமருந்துப் புட்டி இருப்பதும் எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பழகிப்போன விஷயங்கள். குறட்டையும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் அவருடைய உடல் எடை கூடியதோடு குறட்டையின் தன்மையும் மாறியது. ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்த சத்தம் படிப்படியாக உயர்ந்து, திடீரென்று முற்றிலும் நின்றுவிடும். மார்பும் வயிறும் மட்டும் மேலும் கீழும் அசைந்துகொண்டிருக்கும். மூக்கருகே கையை வைத்தால் காற்று வராது. பிறகு ஒரு பெரிய செருமலோடு உடம்பு தூக்கிப்போட, மூச்சு திரும்பும். மறுபடியும் குறட்டை, மறுபடியும் நிசப்தம்.

"அசந்து தூங்கறான், எழுப்பாத கண்ணு" என்பார் என் மாமியார். அசந்து தூங்குகிறவர் காலையில் தெளிவாக எழ வேண்டும். இவரோ எட்டு மணி நேரம் படுத்திருந்தும் வாய் வறண்டு, தலை கனத்து எழுவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணினி முன்னால் உட்கார்ந்தபடியே கண் செருகும். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவார்; அதனால் சர்க்கரை இருக்குமோ என்று பரிசோதித்துப் பார்த்தோம், இல்லை. ஒரு நாள் மாலை பல்லடம் சாலையில், சிக்னலில் பைக்கை நிறுத்தியிருந்த நேரத்தில் அவருக்குக் கண் சொக்கிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு வண்டி ஒரு பக்கமாகச் சாய்வது தெரிந்து தோளைப் பிடித்து உலுக்கினேன். அன்றிலிருந்து அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டு, கம்பெனி வேனில் போகத் தொடங்கினார். சிகிச்சை என்று நாங்கள் எடுத்த முதல் நடவடிக்கை அதுதான், அதை இன்றும் சரியான முடிவாகவே நினைக்கிறேன். ஓட்டும்போது கண் அயர்கிறவர் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை ஸ்டியரிங்கையும் ஹேண்டில்பாரையும் தொடக் கூடாது.

எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "எல்லாம் சைனஸ்தான், மூக்கில் ஆபரேஷன் செய்துகொண்டால் குறட்டையும் போய்விடும், தூக்கமும் வராது." அதில் பாதிதான் உண்மை. மூக்குக்கும் தொண்டைக்கும் உள்ள தொடர்பு புரிந்தால் மீதிப் பாதியும் விளங்கும்.

மூக்கில் எலும்பும் குருத்தெலும்பும் சுவராக இருப்பதால், உள்ளே இழுக்கும்போது அது பெரும்பாலும் குழிந்துபோவதில்லை. அதற்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதி அப்படியில்லை. அண்ணத்தின் பின்பகுதி, உள்நாக்கு, நாக்கின் அடிப்பகுதி, தொண்டைச் சுவர் எல்லாமே மென்மையான தசையால் ஆனவை, விழித்திருக்கும்போது தசைகள் இறுக்கமாக இருந்து அவற்றைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கும்போது அந்த இறுக்கம் தளர்கிறது. நனைந்துபோன காகித உறிஞ்சுகுழலின் நுனியை விரலால் பாதி அடைத்துவிட்டு உறிஞ்சினால் குழல் நடுவில் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அதுபோல மூக்கு அடைத்திருக்கும்போது காற்றை இழுக்க நுரையீரல் கூடுதல் விசையோடு இழுக்க, தளர்ந்த தொண்டை உட்புறமாகச் சரிகிறது. பாதி சரிந்தால் அதிர்ந்து சத்தம் வரும், அதுவே குறட்டை. முழுவதும் ஒட்டிக்கொண்டால் சத்தமே இருக்காது, மூச்சும் இருக்காது. மூக்கு அடைத்தவர் வாயால் மூச்சு விடுவதால் தாடை கீழிறங்கி, நாக்கு பின்னால் சரிந்து, வழி இன்னும் குறுகுகிறது. ஆகவே மூக்கடைப்பு தொண்டை அடைபடுவதை மோசமாக்கும். ஆனால் தொண்டையே இயல்பில் குறுகலாகவோ, கழுத்துக் கொழுப்பால் நெருக்கப்பட்டோ இருந்தால் மூக்கைத் திறந்துவிட்டால் மட்டும் அது சரியாகிவிடாது.

முதலில் எங்கள் குடும்ப மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி குறட்டையைப் பற்றியதல்ல. "சார், எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க, எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீங்க?" என்பதுதான். பகலில் தூக்கம் வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இரவில் போதுமான நேரம் தூங்காததே என்றார். ஷிப்மென்ட் நேரத்தில் இரவு இரண்டு மணி வரை நின்றுவிட்டுக் காலை ஏழு மணிக்குத் திரும்பப் போகிறவருக்கு நோய் எதுவும் இல்லாமலேயே கண் சொக்கத்தான் செய்யும். எங்கள் விஷயத்தில் ஷிப்மென்ட் இல்லாத மாதங்களிலும், விடுமுறையில் ஊரில் இருந்த நாட்களிலும் தூக்கம் வந்துகொண்டே இருந்ததால் அந்தக் காரணம் போதவில்லை.

அடுத்து அவர் கேட்டது, என்னென்ன மாத்திரை போடுகிறார் என்பது. தும்மலுக்காக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய அலர்ஜி மாத்திரையை இவர் காலையிலும் ஒன்று, இரவிலும் ஒன்று போட்டுவந்தார். சளி மாத்திரைகளில் பரவலாக இருக்கும் குளோர்பெனிரமின் நன்றாகவே தூக்கக் கலக்கம் தரும். செட்ரிசின் அதைவிடக் குறைவு என்றாலும் பலருக்கு அசதியைத் தரும். மூக்குக்காகப் போடும் மாத்திரையே பகல் தூக்கத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர் சொன்னபோதுதான், ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் மூன்று தொல்லைகளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்பது எங்களுக்குப் புரிந்தது. காலை மாத்திரையை நிறுத்திவிட்டு, தூக்கம் தராத ஃபெக்சோஃபெனடினுக்கு மாற்றினார். அசதி கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

பிறகு எப்வொர்த் அளவுகோல் என்ற எளிய கேள்வித்தாளைக் கொடுத்தார். உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் பயணியாகப் போகும்போது, மதியம் படுக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, சாப்பிட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, போக்குவரத்தில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது என எட்டுச் சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் கண் அயரும் வாய்ப்புக்குப் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் பகல் தூக்கம் மிகுதி என்று பொருள். தாமே நிரப்பியபோது அவருக்கு 9 வந்தது. "அம்மா, நீங்க ஒரு தாளில் தனியா போடுங்க" என்றார் மருத்துவர். என் கணக்கில் 15 வந்தது. தூங்கியதையே அறியாதவர் தம் தூக்கத்தைக் குறைவாக மதிப்பிடுவது இயல்பு. அதனால் இந்தத் தாளை உடன் இருப்பவரும் நிரப்புவது நல்லது.

அன்றே கழுத்தின் சுற்றளவை டேப்பால் அளந்தார்: 42 சென்டிமீட்டர். ஆண்களுக்கு 40 அல்லது அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்றார். எடை 84 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர்; மிகவும் பருமனானவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு முக எலும்பின் அமைப்பும், கொழுப்பு சேரும் இடமும் காரணமாக, குறைந்த எடையிலேயே தூக்கத்தில் மூச்சுத்தடை வருவதுண்டு. ஒல்லியாக இருப்பவர்களுக்கும், கீழ்த்தாடை சற்று உள்வாங்கியவர்களுக்கும் வரும். ரத்த அழுத்தம், ஒரு மாத்திரை போட்டும் 150/96 இருந்தது. கட்டுக்கு வராத ரத்த அழுத்தம் இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே அசதியைத் தரும் என்பதாலும், தைராய்டு குறைந்தால் குறட்டையும் கூடும் என்பதாலும் அவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். இரண்டும் சரியாகவே இருந்தன.

அடுத்தது காது மூக்கு தொண்டை நிபுணர். மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கில் செலுத்தி, திரையில் எங்களுக்கும் காட்டினார். இரண்டு நாசிகளையும் பிரிக்கும் நடுத்தண்டு இடப்பக்கம் வளைந்திருந்தது. இரண்டு பக்கமும் கீழ் டர்பினேட் எனப்படும் சதை மடிப்புகள் வீங்கி, வழியைக் கிட்டத்தட்ட மூடியிருந்தன. நாசியின் பக்கச்சுவரில் எல்லோருக்கும் இருக்கும் உறுப்புதான் இந்த மடிப்பு. அலர்ஜியால் வீங்குகிறது, மருந்தால் சுருங்கும். பாலிப் என்பது வேறு. அது வெளிறிய திராட்சைபோல் தொங்கும் கட்டி, பெரும்பாலும் வாசனையே தெரியாமல் செய்துவிடும். இரண்டையுமே மக்கள் சதை வளர்ச்சி என்று சொல்வதால், எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. மருந்தும் அறுவையும் இரண்டுக்கும் வேறு வேறு. இவருக்குப் பாலிப் இல்லை. டான்சிலும் பெரிதாக இல்லை. ஆனால் வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னபோது உள்நாக்கு தெரியவில்லை. நாக்கின் பின்பகுதி வழியை மறைத்தது.

பிறகு சட்டைப் பையில் இருந்த புட்டியை வாங்கிப் பார்த்தார். சைலோமெட்டாசொலின் என்று எழுதியிருந்தது. ஆக்சிமெட்டாசொலினும் இதே வகை. மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் வழியைத் திறந்துவிடும் என்பதால் மக்கள் அதை விரும்புகிறார்கள். தொடர்ந்து போட்டால் குழாய்கள் மருந்து இறங்கியதும் முன்னைவிட அதிகமாக விரிந்து வீங்கும். அந்த அடைப்பைப் போக்க மறுபடியும் சொட்டு. இப்படியே புட்டி கையை விட்டு நீங்காது. ஐந்து நாளுக்கு மேல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்றார். நம் ஊரில் சளிக்கு வாங்கிய புட்டி ஆண்டுக்கணக்கில் தொடர்வதை நான் வேறு வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். சொட்டுமருந்து போடாவிட்டால் தூங்கவே முடியாது என்று ஒருவர் சொன்னால், அவருடைய மூக்கடைப்பில் கணிசமான பங்கு அந்தச் சொட்டிலிருந்தே வருவதாக இருக்கலாம்.

நிறுத்தும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். முதலில் ஒரு நாசியில் மட்டும் நிறுத்துவது. மற்ற நாசியில் வழக்கம்போலத் தொடர்வது. கூடவே இரண்டு நாசியிலும் தினமும் ஃப்ளூடிகசோன் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. நிறுத்திய நாசி தானாகத் திறந்த பிறகு அடுத்ததிலும் நிறுத்த வேண்டும். முதல் சில இரவுகள் கடினமாகவே இருந்தன. தலைப்பக்கத்தை இரண்டு தலையணை வைத்து உயர்த்திக்கொண்டும், படுக்கும் முன் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவிக்கொண்டும் சமாளித்தார். அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை: குழாய்த் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் நேராக மூக்கில் விடக் கூடாது, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரே வேண்டும். அரிதாக, அசுத்தமான நீரில் உள்ள அமீபா மூக்கின் வழியே மூளைக்குச் சென்று உயிருக்கே ஆபத்தாகும். உப்புக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் பொட்டலத்தைப் பயன்படுத்தினோம். அளவு தவறினால் எரியும்.

ஸ்ப்ரே அடிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதை மருத்துவர் அவரையே செய்துகாட்ட வைத்தார். இவர் வழக்கமாகத் தலையை அண்ணாந்து, நாசிக்குள் நேராக அடித்து, சத்தமாக உறிஞ்சுவார். மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். கசந்தாலே அது மூக்கில் நிற்கவில்லை என்று பொருள். தலையைச் சற்று முன்னால் குனிந்து, வலது கையால் இடது நாசிக்கும் இடது கையால் வலது நாசிக்கும் அடிக்க வேண்டும். கை குறுக்கே வருவதால் முனை தானாகவே காதுப்பக்கமாகத் திரும்பும். நடுத்தண்டில் நேராகப் பட்டால் அங்கே புண்ணாகி ரத்தம் கசியும். அடிக்கும்போது மூக்கால் மென்மையாக மூச்சை இழுத்தால் போதும். சொட்டுமருந்துபோல் உடனே திறக்காது. தினமும் தவறாமல் அடித்து ஒன்றிரண்டு வாரம் பொறுத்தால்தான் முழுப் பலன் தெரியும். பலர் மூன்றாம் நாளே பலனில்லை என்று விட்டுவிடுவது இதனால்தான்.

மூக்கு திறந்தது. தும்மல் குறைந்தது, வாய் வறட்சியும் குறைந்தது, சத்தமும் ஓரளவு தணிந்தது. கட்டிங் கூடத்தில் என்95 முகக்கவசம் அணியத் தொடங்கியதும் உதவியது. ஆனால் அந்த நிசப்தங்கள் போகவில்லை. மல்லாந்து படுக்கும்போது கூடியது, ஒருக்களித்தால் குறைந்தது. போனைத் தலைமாட்டில் வைத்து, முகமும் மார்பும் தெரியும்படி அதிகாலை நான்கு மணியளவில் வீடியோ எடுத்தேன். அதிகாலையில் எடுத்ததற்குக் காரணம் உண்டு: கனவு வரும் தூக்கம் இரவின் பிற்பகுதியில்தான் அதிகம், அப்போது தசைகள் மேலும் தளர்வதால் தடையும் நீளும். மார்பு அசைந்துகொண்டே காற்று வராமல் நிற்பதும், பிறகு திணறி எழுவதும் அதில் தெளிவாகப் பதிந்தது. நான் வாயால் விவரித்ததைவிட அந்த ஒரு நிமிட வீடியோ மருத்துவருக்கு அதிகம் சொல்லியது.

இந்த இடத்தில்தான் மூக்குத் தண்டு அறுவையைப் பற்றிக் கேட்டோம். மருத்துவர் நேர்மையாகப் பதில் சொன்னார்: "தண்டை நேராக்கினால் பகலில் மூச்சு நல்லா வரும், சத்தமும் கொஞ்சம் குறையலாம். ஆனா இந்த மூச்சு நிக்கிற பிரச்சினை அதனால மட்டும் போகாது. முதல்ல ஸ்லீப் ஸ்டடி பாருங்க." முதலில் பார்க்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் சொன்னார். மூக்கு அறுவை முடிந்ததும் சிலருக்கு மூக்கைப் பஞ்சால் அடைத்துவைப்பார்கள். மயக்க மருந்தின் தாக்கமும் வலி மாத்திரையின் மயக்கமும் மிச்சமிருக்கும் அந்த இரவில், மூச்சுத்தடை இருப்பது தெரியாத நோயாளிக்கு ஆக்சிஜன் மிகவும் இறங்கிவிடக்கூடும். முன்பே தெரிந்திருந்தால் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள். குறட்டைக்காக மூக்கு அறுவை செய்துகொள்ளப் போகும் எவரும் அதற்கு முன் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பரிசோதனையை வீட்டிலேயே செய்தோம். மாலையில் ஒருவர் கருவியைக் கொண்டுவந்து மார்பில் பட்டை, மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஆக்சிஜன் கிளிப் ஆகியவற்றை மாட்டும் விதத்தைக் காட்டிவிட்டுப் போனார். அன்று மது கூடாது, புதிதாகத் தூக்க மாத்திரை போடக் கூடாது, வழக்கமான நேரத்தில் வழக்கமான இடத்தில் படுக்க வேண்டும் என்றார். காலையில் குழாய் கழன்று கிடந்ததா என்று பார்க்கச் சொன்னார். கழன்றால் அறிக்கை பயன்படாது.

வந்த அறிக்கையில் பக்கம் பக்கமாக எண்கள் இருந்தாலும் பார்க்க வேண்டியவை நான்கைந்துதான். மூச்சு பத்து நொடியோ அதற்கு மேலோ ஏறக்குறைய முழுவதும் நின்றாலோ, ஆக்சிஜன் இறங்கும் அளவுக்குக் குறைந்தாலோ அதை ஒரு நிகழ்வாக எண்ணுகிறார்கள். மணிக்குச் சராசரியாக எத்தனை நிகழ்வு என்பதே ஏஹெச்ஐ என்ற எண். ஐந்துக்குக் கீழே இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமையானது. இவருக்கு 34. மல்லாந்த நிலையில் 51, ஒருக்களித்த நிலையில் 17. மிக நீண்ட தடை 48 நொடி. ஆக்சிஜன் இறங்கிய மிகக் கீழான அளவு 76 சதவீதம். நிகழ்வுகள் எல்லாமே அடைப்பு வகை. மூளை மூச்சுக்கான கட்டளையையே அனுப்பாத மைய வகை இல்லை. இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று விளக்கினார் நுரையீரல் மருத்துவர்: அடைபட்ட வழியை எதிர்த்து மார்பு இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிவடைய, அது சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கிறது.

வீட்டுப் பரிசோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலான வீட்டுக் கருவிகள் மூளை அலையைப் பதிவதில்லை; எனவே விழித்துக் கிடந்த நேரத்தையும் தூங்கிய நேரமாகச் சேர்த்துக் கணக்கிட்டு, எண்ணைக் குறைத்துக் காட்டலாம். அறிகுறிகள் வலுவாக இருந்தும் வீட்டு அறிக்கை இயல்பு என்று வந்தால் அதோடு விட்டுவிடாமல், மருத்துவமனையில் இரவு தங்கிச் செய்யும் முழுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இதய நோயோ கடுமையான நுரையீரல் நோயோ உள்ளவர்களுக்குத் தொடக்கத்திலேயே முழுப் பரிசோதனைதான்.

34 என்ற எண்ணுக்கு முதல் சிகிச்சை சிபேப் கருவி. ஆஸ்திரேலியாவின் கோலின் சல்லிவன் 1981இல் வெளியிட்ட முறை இது: மூக்கில் பொருத்திய மாஸ்க் வழியாகச் சிறிய அழுத்தத்தில் காற்றைத் தொடர்ந்து செலுத்த, அந்தக் காற்றழுத்தமே தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். ஆக்சிஜன் கொடுக்கும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். இது அறைக்காற்றைத்தான் செலுத்துகிறது. நாங்கள் விலைக்கு வாங்கும் முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்தோம். தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் வகை அது. இவருக்கு 9 சென்டிமீட்டர் நீரழுத்தத்தை ஒட்டி நின்றது.

அறுவை செய்யாவிட்டாலும் மூக்கை மருந்தால் திறந்துவைத்ததன் பலன் இங்கேதான் முழுமையாகக் கிடைத்தது. அடைத்த மூக்கோடு சிபேப் அணிந்தால் காற்று வாய் வழியாக வெளியேறும், வாய் காயும், அழுத்தம் கூடும், கழற்றி எறியத் தோன்றும். மூக்கு திறந்திருந்ததால் வாயையும் மூடும் பெரிய மாஸ்க் இவருக்குத் தேவைப்படவில்லை. மூக்கை மட்டும் மூடும் சிறிய மாஸ்க் போதுமானதாக இருந்தது. முதல் வாரம் மூக்குப் பாலத்தில் சிவந்து தடித்தது. பட்டையை இறுக்கியதால் வந்த தொல்லை அது. படுத்த நிலையில், கருவி ஓடும்போது, காற்று கசியாத அளவுக்கு மட்டும் தளர்வாகச் சரிசெய்ததும் நின்றது. மூக்கு காய்ந்து எரிந்ததற்குச் சூடான ஈரப்பதம் தரும் தொட்டியில் தினமும் புதிதாக டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினோம். மாஸ்கின் மெத்தையை தினமும் மிதமான சோப்பு நீரில் துடைக்காவிட்டால் முகத்து எண்ணெய் படிந்து கசியும்.

கருவி தானே பதிவு செய்யும் மூன்று எண்களை மருத்துவர் ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்: எத்தனை மணி நேரம் அணிந்தார், எவ்வளவு கசிந்தது, அணிந்திருந்தபோது மிச்சமிருந்த ஏஹெச்ஐ எவ்வளவு. இரவுக்கு நான்கு மணி நேரம் என்பதைக் குறைந்தபட்ச அளவாகப் பேசுகிறார்கள். தூங்கும் நேரம் முழுவதும் அணிவதே சரி, ஏனென்றால் மோசமான தடைகள் வருவது அதிகாலையில், நள்ளிரவில் கழற்றியவருக்கு அந்த நேரம் பாதுகாப்பில்லாமல் போகிறது. இவருடைய மிச்ச எண் இப்போது 3. காலைத் தலைவலி முதலில் போனது, இரவில் எழுவது அடுத்து நின்றது, பகல் தூக்கம் சில வாரங்கள் கழித்தே குறைந்தது. ரத்த அழுத்தம் அதே மாத்திரையோடு கட்டுக்குள் வந்தது. மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தும் அளவுக்குச் சிபேப் மட்டுமே பெரிதாகக் குறைத்துவிடாது என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். எப்வொர்த் மதிப்பெண் என் கணக்கிலேயே 6க்கு இறங்கி, மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுபடி பைக்கை எடுத்தார்.

எல்லோருக்கும் வழி இதுவே என்று சொல்ல மாட்டேன். எண் லேசாகவோ நடுத்தரமாகவோ இருப்பவர்களுக்கும், சிபேப் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், கீழ்த்தாடையை முன்னிழுத்து வைக்கும் பற்கருவி உண்டு. அதைத் தூக்க நோய்களில் பயிற்சி பெற்ற பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்ய வேண்டும். மல்லாந்தால் மட்டும் தடை வருகிறவர்களுக்கு, ஒருக்களித்துப் படுக்கப் பழக்கும் முதுகுப் பட்டையே போதுமானதாக இருக்கலாம். டான்சில் மிகப் பெரிதாக உள்ளவர்களுக்கு அதை எடுப்பது நல்ல பலன் தரும். எடை கூடியவர்களுக்கு எடைக்குறைப்பு தனிச் சிகிச்சை: பத்து சதவீதம் எடை குறைந்தால் இந்த எண் ஏறத்தாழ கால் பங்கு குறையும். இவர் 84இலிருந்து 78க்கு வந்திருக்கிறார். குறட்டை மட்டும் இருந்து, தடையும் இல்லை, பகல் தூக்கமும் இல்லை என்றால் கருவி தேவையில்லை. மாலை மதுவும் தூக்க மாத்திரையும் எந்த நிலையிலும் தொண்டையை மேலும் தளர்த்தும்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்த வரிசைக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒரே பக்க நாசி மட்டும் விடாமல் அடைத்து, அதில் ரத்தமோ துர்நாற்றமோ இருந்தால் கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். மூக்கடைப்போடு கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கடும் தலைவலி வந்தால், அதுவும் சர்க்கரை நோயாளிக்கு வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் தலைவலியோடு குழப்பமும், கால் வீக்கமும், படுத்தால் மூச்சிரைப்பும் சேர்ந்திருந்தால் இதயத்தையும், ரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறதா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

வரும் மாதம் அவருக்குக் குடலிறக்க அறுவை இருக்கிறது. மயக்க மருந்து நிபுணரைப் பார்க்கப் போனபோது தூக்கப் பரிசோதனை அறிக்கையையும் சிபேப் பதிவையும் முதல் பக்கமாக வைத்துக் கொடுத்தோம். அவர் பார்த்துவிட்டு, முடிந்தால் முதுகுத்தண்டில் ஊசி போட்டே செய்யலாம், வலிக்குக் கடும் மயக்க மருந்துகளைக் குறைத்துக்கொள்ளலாம், கருவியையும் மாஸ்கையும் மருத்துவமனைக்கு எடுத்துவந்து அன்றிரவு கட்டாயம் அணிய வேண்டும் என்று கோப்பில் எழுதினார். நாங்கள் பையில் ஒரு புட்டி டிஸ்டில்டு வாட்டரையும் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் சேர்த்து எடுத்துவைத்திருக்கிறோம்; வார்டுகளில் பிளக் பாயின்ட் கட்டிலுக்கு எட்டுவதில்லை.